தளும்பாத கிளாஸ்

பேயாண்டியிடம் கார் வாங்கப் போனால் அவர் முதலில் டீ சொல்வார். டீ வந்ததும் குடிக்கத் தரமாட்டார். ஓடிக்கொண்டிருக்கும் காரின் பானெட்டைத் திறந்து, இன்ஜினை மூடியிருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியின் மேல், விளிம்பு வரை நிறைந்த அந்தக் கிளாஸை வைப்பார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"ஒரு சொட்டு சிந்துதா பாருங்க. இதுக்கு மேல என்ன சர்டிபிகேட் வேணும்?"

வண்டியூரில் ரிங் ரோட்டை ஒட்டியிருக்கும் அவருடைய பழைய கார் யார்டில் பாதி வியாபாரம் அந்தக் கிளாஸால் நடந்தது. என் அண்ணன் ஜெயபாண்டியின் பிழைப்பு போனதும் அந்தக் கிளாஸால்தான்.

அண்ணன் அங்கே மெக்கானிக்காக இருந்தான். ஒரு சின்னக் காருக்கு கிளட்ச் மாற்றி முடித்த அன்று அதை வாங்க ஆள் வந்திருக்கிறது. மூன்று சிலிண்டர் வண்டி. பேயாண்டி கிளாஸை வைத்தார். டீ தளும்பி மூடியெல்லாம் ஓடியது. வந்தவர் முகம் சுளித்தார். அண்ணன் பக்கத்திலிருந்து சொன்னான்: "ஆடும்ணே. மூணு சிலிண்டர் அப்படித்தான். ஆடுறது நோய் இல்ல."

வந்தவர் போய்விட்டார். பேயாண்டி மீதி டீயை அண்ணனின் டூல் பெட்டிக்குள் ஊற்றினார். யார்டில் இருந்த புரோக்கர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இன்ஜினை இறக்கி ஏத்தத் தெரியாத பய. நல்லா இருந்த வண்டிய ஆட வச்சுட்டு எனக்குப் பாடம் எடுக்கிறான்" என்றார். அடுத்த வாரத்துக்குள் மதுரையில் எந்த யார்டுக்குப் போனாலும் இந்தக் கதை அண்ணனுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. 'தளும்பல்' என்று பெயர் வைத்தார்கள். "என்ன தளும்பல், வேல கெடச்சுச்சா?" என்று டீக்கடையில் கேட்பார்கள். மூன்று வருடமாக அண்ணன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். ஸ்பேனரைத் தொடுவதில்லை. எங்கள் ஆட்டோவுக்கே வேறு மெக்கானிக்தான் வருகிறார்.

நான் பகலில் வெளிவீதியில் இம்மானுவேல் அண்ணன் வைத்திருக்கும் உதிரிபாகக் கடையில் கவுன்டரில் நிற்கிறேன். சாயங்காலம் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமோ படிக்கிறேன். வகுப்பில் சேர்ந்ததற்கு வீட்டில் ஒரு காரணம் சொன்னேன். உண்மையில் எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டியிருந்தது: அண்ணன் சொன்னது சரியா? அவன் என் அண்ணன் என்பதால் மட்டும் அதை நம்பக் கூடாது என்று நினைத்தேன்.

சரிதான். நாலு சிலிண்டரில் இரண்டு பிஸ்டன் மேலே போகும்போது இரண்டு கீழே வரும்; ஒன்றின் உதறலை இன்னொன்று பெரும்பாலும் சரிக்கட்டிவிடும். மூன்றில் அப்படி ஜோடி சேராது. இரண்டு ஓரங்களும் மாறி மாறித் தூக்கும். சீசா பலகைபோல இன்ஜின் முன்னும் பின்னும் ஆடப் பார்க்கும். வெடிப்புக்கும் வெடிப்புக்கும் நடுவில் இடைவெளியும் கூடுதல். வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் ஓடும் ஐடிலில் அது ஸ்டியரிங்கில் தெரியும், சீட்டில் தெரியும், டீயிலும் தெரியும். இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுன்ட் தேய்ந்திருந்தால் இன்னும் அதிகமாகத் தெரியும். அவ்வளவுதான். சார் போர்டில் போட்ட படத்தை நோட்டில் அப்படியே வரைந்து, கீழே தேதி போட்டேன்.

அதற்குப் பிறகு நான் காத்திருந்தேன். எதற்கென்று அப்போது எனக்குத் தெரியாது.

சித்திரை வெயிலில் ஒரு நாள் கடை வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. பின் கண்ணாடியில் பெரிய எழுத்தில் 'ஒச்சாயி துணை'. ஓட்டி வந்தவர் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் தண்ணீர் இரண்டு கேன் கேட்டார். கூடவே ரேடியேட்டர் ஒழுக்கை அடைக்கிற பவுடர்.

"எங்கண்ணே ஒழுகுது?" என்றேன்.

"வெளிய ஒண்ணும் ஒழுகலத்தா. தண்ணி மட்டும் கொறையுது. எங்க போகுதுன்னே தெரியல."

"கேஸ்கட்டைப் பாத்துருங்களேன். உள்ள போகுதோ என்னமோ."

"அதெல்லாம் பெரிய செலவு. விக்கப் போற வண்டிதான?" என்று சிரித்தார்.

இன்ஜின் பிளாக்குக்கும் அதன் தலைக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கட் விட்டுப்போனால் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும். வெடித்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் வரும். பவுடர் போட்டால் கொஞ்ச நாள் அடைபட்டிருக்கும். அப்புறம் ஒரு நீள ஓட்டத்தில் கொதித்து நின்றுவிடும்.

ஆனி பிறந்தபோது கோச்சடையில் எங்கள் தெருவில் இருக்கும் கனகலட்சுமி டீச்சர் என்னைக் கூப்பிட்டார். அவருடைய அப்பா டி. கல்லுப்பட்டியில் இருக்கிறார். சிறுநீரகக் கோளாறு. டயாலிசிஸுக்கு வாரம் இரண்டு முறை மதுரைக்கு அழைத்து வர வேண்டும். பஸ் ஒத்து வரவில்லை.

"வண்டியூர்ல பேயாண்டின்னு ஒருத்தர்ட்ட ரெண்டு வண்டி பாத்து வச்சிருக்கேன். ஒரே மாடல்தான். ஒண்ணு மூணு சிலிண்டராம், ஒண்ணு நாலாம். எனக்கு ஒண்ணும் புரியல. நீ வாரியா முனீஸ்வரி?"

"வாரேன் டீச்சர்" என்றேன். என்றைக்கு என்று கூடக் கேட்கவில்லை.

அண்ணன் வேலை பார்த்த இடத்துக்கு நாங்கள் யாரும் போனதில்லை. அதனால் பேயாண்டிக்கு என்னைத் தெரியாது. இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்று சாம்பல் நிறம், மூன்று சிலிண்டர். இன்னொன்று வெள்ளை, நாலு. வெள்ளையின் பின் கண்ணாடியில் எழுத்தைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். ஆனால் சாய்ந்து பார்த்தால் வெயில் படாமல் இருந்த இடம் தனியாகத் தெரிந்தது. 'ஒச்சாயி துணை.'

டீச்சர் இரண்டையும் ஓட்டினார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாம்பல் வண்டி சிக்னலில் நிற்கும்போது உடம்பெல்லாம் லேசாக அதிர்ந்தது. ஆனால் தெப்பக்குளத்தைச் சுற்றி நெரிசலில் மெதுவாகப் போகும்போது, கியரைக் குறைக்காமலேயே இன்ஜின் அந்த மெது ஓட்டத்திலேயே இழுத்துக்கொண்டு போனது. வெள்ளை வண்டி நிற்கும்போது ஓடுகிறதா என்றே தெரியவில்லை. ரிங் ரோட்டில் மிதித்தபோது சத்தமில்லாமல் ஏறி ஒரு லாரியை எளிதாகத் தாண்டியது.

"இதுதான் வழுவழுன்னு இருக்கு" என்றார் டீச்சர்.

பேயாண்டி காத்திருந்தார். டீ தயாராக இருந்தது. வெள்ளை வண்டியில் கிளாஸ் சிலைபோல நின்றது. சாம்பல் வண்டியில் டீ விளிம்பைத் தாண்டி வழிந்தது.

"மூணு கால் நாற்காலி வாங்குவீங்களாம்மா? விலை கம்மின்னு வாங்கிட்டுப் போயி, அப்புறம் மவுன்ட் போச்சு, அது லூஸு இது லூஸுன்னு வந்து நிப்பாக. நாலுன்னா நாலுதான். பாப்பா யாரு, தங்கச்சியா?"

"தெரிஞ்ச பொண்ணு" என்றார் டீச்சர்.

நான் பானெட்டுக்குள் பார்த்தேன். இன்ஜின் சூடாக இருந்தது. கூலன்ட் பாட்டிலில் அளவு சரியாக இருந்தது. குமிழி இல்லை. ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் விறைப்பாக இருந்தது, ஆனால் சூட்டில் எந்த ஹோஸும் விறைக்கும். என்னிடம் இருந்தது ஒரு சந்தேகம் மட்டும்.

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் டீச்சர் கேட்டார், "எத வாங்கலாம்? நேரா சொல்லு."

நேராகச் சொல்லத்தான் பயந்தேன். நான் சாம்பலைச் சொன்னால், அது வண்டிக்காகவா, அண்ணனுக்காகவா? அதனால் கவுன்டரில் நான் விற்பதை மட்டும் வைத்துச் சொன்னேன். மூன்று சிலிண்டருக்கு பிளக், காயில், இன்ஜெக்டர் எல்லாம் ஒன்று ஒன்று குறைவு. இன்ஜினைப் பிரித்தாலும் சாமான் செலவு குறைவு. ஆனால் மவுன்ட்டுகளை அதற்குத்தான் சீக்கிரம் வாங்க வருகிறார்கள், அது உண்மை. நாலு சிலிண்டர் நோயில்லாமல் இருந்தால் நெடுந்தூரத்துக்கு அதுதான் சுகம். பெட்ரோல் கொஞ்சம் கூடக் குடிக்கும்.

"அந்த வெள்ளைக்கு நோய் இருக்கா?"

"இருக்கும்னு நெனைக்கிறேன் டீச்சர். ஆனா குளுந்த இன்ஜினைப் பாக்காமச் சொல்ல முடியாது. அவரு நம்ம போறதுக்கு முந்தியே ஓட விட்டுர்றாரு."

அவருக்கு நோய் தெரிந்துதான் அப்படிச் செய்கிறாரா என்றும் யோசித்தேன். இல்லை. எல்லா வண்டியையும் அப்படித்தான் செய்வார். சூடான இன்ஜினில் கிளாஸ் நன்றாக நிற்கும். அவர் அந்தக் கிளாஸை உண்மையாகவே நம்பினார். அண்ணன் போன பிறகு இன்ஜின் சத்தத்தைக் கேட்டுச் சொல்ல அவரிடம் ஒரு காது இல்லை, கிளாஸ் மட்டும்தான் இருந்தது. அது எனக்கு இன்னும் இனிப்பாக இருந்தது. ஏமாற்றுக்காரனைப் பிடித்தால் சிரித்துவிட்டுப் போய்விடுவான். நம்புகிறவனை அவன் நம்புவதை வைத்தே அடிக்க வேண்டும்.

ஆனால் கேஸ்கட் நன்றாக இருந்தால்? பழைய ஆள் பயந்துபோய்ச் சும்மா பவுடர் போட்டிருந்தால்? அதே யார்டில், அதே ஆட்கள் முன்னால், 'தளும்பலோட தங்கச்சி' என்று என்னையும் சிரித்து அனுப்புவார்கள். அண்ணனுக்கு மிச்சமிருக்கும் கொஞ்சமும் போய்விடும். இரண்டு நாள் வகுப்பில் சார் நடத்தியது எதுவும் காதில் ஏறவில்லை. மூன்றாம் நாள் டீச்சரிடம் போனேன்.

"டீச்சர், பேயாண்டிக்குப் போன் போடுங்க. வெள்ளை வண்டிதான் எடுக்கிறதா இருக்கோம், ஆனா எங்க வீட்டு வழக்கப்படி வெள்ளிக்கிழமை நல்ல நேரத்துல முதல் சாவி நாங்கதான் போடணும், அதுக்கு முந்தி அன்னைக்கு யாரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாதுன்னு சொல்லுங்க."

டீச்சர் போனைக் கையில் எடுத்தார். "எங்க வீட்டுல அப்படி ஒரு வழக்கமும் இல்லையே."

"இன்னைக்கிருந்து வச்சுக்கிருவோம்."

எந்த யார்டுக்காரரும் மறுக்க முடியாத ஒன்று அது. மெக்கானிக்கைக் கூட்டி வருகிறேன் என்றால் ஆயிரம் கேள்வி வரும். நல்ல நேரம் என்றால் ஒன்றும் வராது. பேயாண்டி சந்தோஷமாகச் சம்மதித்தார். மாலை, எலுமிச்சம்பழம், சூடம் எல்லாம் தன் பொறுப்பு என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் புரோக்கர்கள் அங்கே டீ குடிக்கக் கூடுவது வழக்கம். நாங்கள் போனபோது ஆறேழு பேர் இருந்தார்கள். வெள்ளை வண்டிக்கு மாலை போட்டிருந்தது. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம்.

"வாங்கம்மா, நேரம் ஆகப் போகுது" என்றார் பேயாண்டி.

"ஒரு நிமிசம்ணே, பானெட்டைத் தெறக்கட்டுமா? உள்ளயும் பொட்டு வைக்கணும்" என்றேன்.

திறந்தேன். பிளாக்கைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது. ரேடியேட்டர் மூடியைக் கழற்றினேன். தண்ணீர் கழுத்துக்கு வெகு கீழே கிடந்தது. மூடியின் உட்புறம் பழுப்பாகத் தூள் ஒட்டியிருந்தது.

"என்னத்தா பண்றே?" என்றார் பேயாண்டி.

"பாக்குறேண்ணே." மூடியை இறுக்கினேன். பொட்டு வைத்தேன். "டீச்சர், சாவி போடுங்க."

இன்ஜின் பிடித்தது. முதல் சில நொடி உதறியது. மூன்று சிலிண்டரின் ஆட்டத்தில் ஒரு தாளம் இருக்கும். இதில் தாளம் இல்லை. நாலாவது அடி விழ வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. புகைக்குழாயிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. பிறகு அந்த அடியும் வந்து சேர்ந்தது. வண்டி வழுவழுவென்று ஓடியது.

"காலங்காத்தால எல்லா வண்டியும் கொஞ்சம் சோம்பல் முறிக்கும்" என்று ஒரு புரோக்கர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

"அண்ணே, கிளாஸை வைங்க" என்றேன்.

பேயாண்டிக்குப் பெருமை தாங்கவில்லை. நிறைந்த கிளாஸை அவரே கொண்டு வந்து வைத்தார். அது நின்றது. டீயின் மேல் ஆடை கூட அசையவில்லை.

"பாத்துக்கங்க!"

"இந்த ஹோஸையும் தொட்டுப் பாருங்கண்ணே. மேல இருக்கிறது."

"அது எதுக்கு?"

"தொடுங்க. சுடாது."

தொட்டார். கையை எடுத்துவிட்டு மறுபடி தொட்டார். நான் மற்றவர்களையும் கூப்பிட்டேன். ஒவ்வொருவராக வந்து அமுக்கிப் பார்த்தார்கள். கல்லுபோல இருந்தது. ஆனால் தண்ணீர்ப் பானையைத் தொட்டதுபோலக் குளிர்ச்சி.

"சூடாகி விறைச்சா அது ஆவி. சூடே ஆகாம விறைச்சா அது என்னண்ணே?"

பேயாண்டி கிளாஸைப் பார்த்தார், அது தன்னைக் காப்பாற்றும் என்பதுபோல. அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்த கூலன்ட் பாட்டிலுக்குள் ஒரு குமிழி வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு நிற்காமல். உலையில் அரிசி போடும் நேரம் வந்ததுபோலக் கொப்பளித்தது. ஒரு சாண் தள்ளி டீ ஒரு சொட்டுச் சிந்தாமல் நின்றது.

"கேஸ்கட் போயிருச்சுடா மாப்ள" என்று வயதான புரோக்கர் ஒருவர் மெல்லச் சொன்னார். "சிலிண்டர்ல வெடிக்கிறது தண்ணியில வருது."

"நான் பாக்கலம்மா. சத்தியமா எனக்குத் தெரியாது" என்றார் பேயாண்டி. டீச்சரைப் பார்த்துத்தான் சொன்னார். "நான் சரி பண்ணித் தாரேன்."

"இதுல எங்க அப்பாவ உக்கார வச்சு, கல்லுப்பட்டி ரோட்டுல வெயில்ல நின்னுருந்தா?" என்றார் டீச்சர். அவர் குரல் உயரவே இல்லை. "எனக்கு அந்தச் சாம்பல் வண்டி போதும். முனீஸ்வரி, அதையும் பாத்துரு."

பார்த்தேன். அதே வரிசையில். தண்ணீர் கழுத்து வரை. குளிர்ந்த ஸ்டார்ட், உடனே தாளம். ஹோஸ் தொளதொளவென்று இருந்தது. குமிழி இல்லை. வலது மவுன்ட்டில் ரப்பர் வெடித்திருந்தது, அதைச் சொன்னேன். மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார். விலையையும் இறக்கினார். எப்படியாவது ஒரு வண்டியைக் கொடுத்து எங்களை அனுப்பிவிட வேண்டும் என்று தவித்தார்.

அப்போது நான் அந்த நிறைந்த கிளாஸை எடுத்துவந்து சாம்பல் வண்டியின் இன்ஜின் மேல் வைத்தேன். டீ தளும்பி வழிந்தது.

"அண்ணே, சிந்துதே. டீச்சர் பயப்படுறாங்க. சொல்லி வாங்க வைங்க."

"அதான் நீயே பாத்துட்டியே..."

"நான் யாரு? உங்க வாயால சொல்லுங்க. ஏன் ஆடுது?"

அவர் உதட்டை நக்கினார். "மூணு சிலிண்டர்னா... கொஞ்சம் ஆடும்."

"ஆடுனா?"

"ஆடுறது... நோய் இல்ல."

"இத மொதல்ல இந்த எடத்துல நின்னு சொன்னது யாருண்ணே?"

புரோக்கர்களில் ஒருவர் இருமினார். பேயாண்டி அப்போதுதான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஒரே மூக்கு.

"நீ ஜெயபாண்டி தங்கச்சியா?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. டீச்சர் காசு கொடுக்கிறதும் கொடுக்காததும் அப்புறம்."

டீச்சர் கைப்பையை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அவருக்கு அண்ணன் கதையை முந்தின நாள்தான் சொல்லியிருந்தேன். டீ வழிந்து பம்பர் வழியாகத் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. யாரும் இன்ஜினை நிறுத்தவில்லை.

"ஜெயபாண்டி சொன்னான்" என்றார் பேயாண்டி.

"கேக்கல."

"ஜெயபாண்டி சொன்னான். அவன் சொன்னது சரி. போதுமா?"

போதாது. எனக்கு அது தெரிந்தது. அவருடைய முகம் சுருங்கியதைப் பார்த்தேன், இன்னும் கொஞ்சம் சுருங்கினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஆனால் கேட்க வேறு ஒன்றும் மிச்சமில்லை.

சாயங்காலம் வகுப்புக்குப் போகாமல் வீட்டுக்குப் போனேன். அண்ணன் ஆட்டோவில் தார்ப்பாயை மடித்துக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கண் கலங்கும் என்று நினைத்திருந்தேன். கேட்டு முடித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

"ஹோஸ் விறைச்சப்ப குளுந்து இருந்துச்சா?"

"குளுந்துதான் இருந்துச்சு."

"அப்பச் சரி" என்றான். பிறகு தார்ப்பாயைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய், பேயாண்டி டீ ஊற்றிய அந்த டூல் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கினான். ஸ்பேனர்கள் எல்லாம் பழுப்பேறிக் கிடந்தன. துருவைத் துடைக்க மண்ணெண்ணெய் கேட்டான்.

பேயாண்டி இப்போதும் மூன்று சிலிண்டர் வண்டி விற்கிறார். 'ஆடுறது நோய் இல்லம்மா' என்று அவரே சொல்லி விற்பதாகக் கேள்விப்பட்டேன். ஆத்திரமாக வந்தது. ஆனால் ஒவ்வொரு தடவையும் அங்கே டீ குடிக்கிற எவனாவது ஒருவன் "யாருண்ணே சொன்னது?" என்று குரல் கொடுப்பானாம். பதில் சொல்லாவிட்டால் விடமாட்டார்களாம். அவருடைய வாயால் என் அண்ணன் பெயர் வராமல் அந்த யார்டிலிருந்து ஒரு மூன்று சிலிண்டர் வண்டி வெளியே போவதில்லை. அதைக் கேட்ட அன்று ராத்திரி நான் இரண்டு தடவை சாப்பிட்டேன்.

வெள்ளை வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. வகுப்புக்குப் போகும் பஸ்ஸிலிருந்து பார்ப்பேன். காய்ந்த மாலை கூட எடுக்கப்படவில்லை. பிறகு ஒரு நாள் அவருடைய ஆள் கடைக்கு வந்து ஹெட் கேஸ்கட் கேட்டான்.

"எந்த இன்ஜினுக்கு?" என்றேன்.

"அந்த வெள்ளை வண்டிக்குத்தாங்க."

"ஒரே மாடல்ல ரெண்டு இன்ஜின் இருக்கு. மூணா நாலா, சரியாத் தெரிஞ்சவரு வந்து கேட்டா எடுத்துத் தாரேன்."

இம்மானுவேல் அண்ணன் என்னை முறைத்தார்.

மறுநாள் பேயாண்டியே வந்தார். கவுன்டரில் கூட்டம். பின்னால் நின்று, முறை வந்ததும் தாழ்ந்த குரலில் சொன்னார், "நாலு சிலிண்டர் கேஸ்கட்."

"நல்லா சத்தமாண்ணே."

"நாலு சிலிண்டர்!"

எடுத்து வைத்தேன். பில் போட்டேன். காசைக் கொடுத்துவிட்டு அவர் போகாமல் நின்றார்.

"ஒருத்தனும் வேலைக்கு வர மாட்டேங்கிறான். வந்தவன் ஒருத்தன் இன்ஜின் தலைய உருவி உருக்குலைச்சிருவான் போல இருக்கு. உங்க அண்ணன்..."

"வெளியதான் நிக்கிறாரு. கேட்டுப் பாருங்க."

கடை வாசலில் அண்ணன் லோடு ஆட்டோவில் ஒரு புது இன்ஜின் மவுன்ட்டை வைத்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் டூல் பெட்டி. பேயாண்டி கேஸ்கட் அட்டையைக் கையில் பிடித்தபடி அவனிடம் போய் ஏதோ சொன்னார். கேட்கவில்லை. அண்ணன் சொன்னது மட்டும் கேட்டது.

"இல்லண்ணே. டி. கல்லுப்பட்டி வரைக்கும் போறேன். டீச்சர் வண்டி அங்கதான் நிக்குது, நீங்க போட்டுக் கொடுத்த மவுன்ட் சரியில்ல. ஆட்டம் கூடிருச்சு."

ஆட்டோ கிளம்பிப் போனது. பேயாண்டி கேஸ்கட்டோடு வெயிலில் நின்றார். எதிர் டீக்கடைக்காரர் அவரைப் பார்த்து, "அண்ணே, டீ?" என்று கேட்டார்.

நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.